சிமுலேட்டர்ல பங்கு வாங்கி விக்கப் பழகுறது: எதைச் சொல்லித்தரும், எதைச் சொல்லித்தராது

கொழும்பு பங்குச் சந்தையில காசு போடலாமா எண்டு கேக்கிற ஆக்கள் நம்மட பக்கம் இப்ப கூடிட்டாங்க. களுவாஞ்சிக்குடியிலயும் கேக்கிறாங்க, அக்கரைப்பற்றிலயும் கேக்கிறாங்க, போன்லயே கணக்குத் திறக்கலாம் எண்டதால கொழும்புக்குப் போற வேலையும் இல்ல. கணக்குத் திறக்க முதல் பொய்க் காசில கொஞ்ச நாள் பழகுங்க எண்டுதான் நான் சொல்லுவன். ஆனா சும்மா பழகினா பிழையான பழக்கம்தான் வரும், அதால எப்படிச் செட் பண்ணுறது எண்டதில இருந்து தொடங்குவம்.

1. சிமுலேட்டரைத் திறக்கிறது

லேசான வழி TradingView. இலவசக் கணக்கு ஒண்டு எடுத்து, ஏதாவது ஒரு சார்ட்டைத் திறந்து, கீழ இருக்கிற டிரேடிங் பகுதியில `Paper Trading` எண்டதத் தெரிஞ்சு `Connect` குடுத்தாச் சரி. உள்ள போனதும் ஒரு லட்சம் டொலர் இருக்கும். அதை அப்படியே விட்டுடாதீங்க. நிசமா உங்களிட்ட போடுறதுக்கு 60,000 ரூபாதான் இருக்கு எண்டா, கணக்கை ரீசெட் பண்ணி அந்த அளவுக்கு இறக்குங்க. கோடிக்கணக்கில வைச்சுப் பழகினவனுக்கு 3,000 ரூபா நட்டம் கண்ணுக்கே படாது.

ஓர்டர் வகைகளை இதில நல்லாப் பழகலாம். மார்க்கெட் ஓர்டர் கிடைக்கிற விலைக்கு உடன வாங்கும், லிமிட் ஓர்டர் நீங்க சொன்ன விலை வரும்வரைக்கும் நிக்கும், ஸ்டொப் லொஸ் விலை விழுந்தா வித்து விடும். வாங்குறதுக்குப் பதிலா விக்கிற பட்டனை அமத்துற மாதிரியான பிழைகளை எல்லாம் இங்கயே விட்டு முடிச்சிடலாம்.

2. ரூபாக் கணக்கை வேறயா எழுதுறது

இதுதான் முக்கியம், ஆனா கனபேர் விடுறதும் இதைத்தான். கொழும்புச் சந்தையில சாதாரணமா வாங்கும்போதும் 1.12 சதவீதம், விக்கும்போதும் 1.12 சதவீதம் போகும், புரோக்கர் கொமிஷன், வரி எல்லாம் சேத்து. சிமுலேட்டர் தானா இதைக் கழிக்காது. ஒரு ஷீட் திறந்து B-ல எத்தினை பங்கு, C-ல வாங்கின விலை, D-ல வித்த விலை எண்டு போட்டு, E-லயும் F-லயும் இதை எழுதுங்க:

```
=B2*C2*1.0112
=B2*D2*0.9888
```

முதலாவது உங்கட கையில இருந்து போன காசு, ரெண்டாவது திரும்பி வந்த காசு.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்பம். ஒரு பங்கு 50 ரூபா, நீங்க 1,000 வாங்குறீங்க. 56 போனா லாபத்தில விக்கிறது, 47-க்கு இறங்கினா நட்டத்தோட வெளிய வாறது எண்டு திட்டம். சிமுலேட்டரைப் பாத்தா 6,000 லாபத்துக்கு 3,000 நட்டம், ரெண்டுக்கு ஒண்டு, நல்ல டிரேட் எண்டு தோணும். ஷீட்டில போட்டா வாங்கவே 50,560 ரூபா போயிருக்கும். 56-க்கு வித்தாக் கையில வாற லாபம் கிட்டத்தட்ட 4,813, 47-க்கு வித்தா நட்டம் 4,086. ரெண்டுக்கு ஒண்டு எண்ட கதை முடிஞ்சுது, ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. போட்ட காசு முழுசாத் திரும்பி வரவே விலை 51.13-க்கு மேல போக வேணும். நாளுக்கு நாலுதரம் வாங்கி விக்கிற ஆசை இந்த ஒரு கணக்கோடயே கனபேருக்குப் போயிடும், சிமுலேட்டர் தாற பெரிய படிப்பு அதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

3. கிடைக்கிற விலையை நேர்மையா எழுதுறது

சிமுலேட்டர்ல நீங்க கேட்ட 1,000 பங்கும் ஒரே விலைக்கு உடன கிடைச்சிடும். நம்மட சந்தையில சின்னக் கம்பனிப் பங்குகளுக்கு அப்படி ஆக்கள் நிக்க மாட்டாங்க. கடைசியா 50-க்குக் கைமாறியிருக்கும், ஆனா விக்க நிக்கிறவங்களைப் பாத்தா 50-க்கு 200 பங்கு, 50.50-க்கு 300, 51-க்கு 500 எண்டு இருக்கும். 1,000-மும் ஒரேயடியா வாங்கினா சராசரி 50.65. அதனால வாங்கும்போது விக்க நிக்கிறவர்ர விலையையும், விக்கும்போது வாங்க நிக்கிறவர்ர விலையையும் ஷீட்டில போடுங்க, சிமுலேட்டர் காட்டுற விலையை நம்பாதீங்க. இன்னொண்டு, வித்த காசு சிமுலேட்டர்ல உடன வந்திடும், நிசத்தில ரெண்டு வேலை நாள் போகும்.

4. ஷீட்டில இன்னும் ரெண்டு கொலம்

ஒண்டு “வெளிய வர நினைச்ச விலை”, மற்றது “வெளிய வந்த விலை”. நினைச்ச விலையை வாங்க முதலே எழுதிடுங்க, பிறகு மாத்தக் கூடாது. சிமுலேட்டர்ல இந்த ரெண்டுக்கும் இடையில வித்தியாசம் அனேகமா வராது, அதைப் பாத்திட்டு எனக்குக் கட்டுப்பாடு இருக்கு எண்டு நினைக்க வேணாம்.

அக்கரைப்பற்றில என்ர கூட்டாளி ஒருத்தன், வெள்ளாமை செய்றவன், மேல சொன்ன மாதிரித் திட்டத்தைத்தான் சிமுலேட்டர்ல ஓட்டிப் பாத்தான். 47 வந்தா 47-க்கு வித்தான், ஒரு பிசகும் இல்ல. பிறகு அறுவடைக் காசில நிசமா 1,000 பங்கு 50-க்கு எடுத்தான். விலை 47-க்கு வந்த நேரம் போனைக் கையில வைச்சுக் கொண்டு இருந்தானே தவிர பட்டனை அமத்தல்ல. “நல்ல கம்பனி மச்சான், திரும்பி வரும்” எண்டான். அப்ப சிமுலேட்டர்ல மட்டும் ஏன்டா வித்தாய் எண்டு கேட்டன். “அது சும்மா காசுதானே, இது மறுபோகத்துக்கு உரம் எடுக்கிற காசு, வித்தா ஊட்டில என்னெண்டு சொல்றது?” கடைசியா 43-க்கு வித்தான், நட்டம் 8,042 ரூபா, அவன் நினைச்சிருந்ததில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

விக்காதவரைக்கும் அது நட்டம் இல்ல எண்டு மனம் சொல்லும். லாபத்தில இருந்தா இதே மனம் மற்றப் பக்கம் இழுக்கும், 52 வந்த உடன வித்திட்டு 2,000 உழைச்சிட்டன் எண்டு சந்தோசப்படுவீங்க, ஷீட்டில பாத்தா 858 ரூபாதான். ஷெஃப்ரின், ஸ்டாட்மன் எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் 1985-லயே இதைப் பத்தி எழுதியிருக்கிறாங்க, லாபத்தை அவசரப்பட்டு வித்து நட்டத்தைக் கட்டிப் பிடிச்சுக் கொண்டு இருக்கிற பழக்கம். சிமுலேட்டர்ல ரீசெட் பட்டன் இருக்கிறவரைக்கும் அந்த இழுவை உங்களுக்குத் தெரியாது, நித்திரை கெடாது, பக்கத்தில இருந்து ஒருத்தரும் கேள்வி கேக்கவும் மாட்டாங்க.

5. நிசக் காசுக்கு மாறுறது

திட்டம் ஷீட்டில சரியா ஓடுது எண்டா, அதே திட்டத்தை 1,000-க்குப் பதிலா 50 பங்கோட நிசமாச் செய்ங்க. புரோக்கரிட்ட ஒரு டிரேட்டுக்கு ஆகக் குறைஞ்ச கட்டணம் இருக்கா, ஆப்ல ஸ்டொப் லொஸ் இருக்கா எண்டு முதலே கேட்டு வைங்க. ஸ்டொப் லொஸ் இல்லாட்டி 47-ல விக்கிற வேலை உங்கட கைக்குத்தான்.

இப்ப அந்த ரெண்டு கொலத்தையும் சிமுலேட்டர்க் காலத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. 47 எண்டு எழுதி 46.80-க்குப் போயிருந்தா அது சந்தைர வேலை, வாங்க ஆள் நிக்கல்ல. 47-க்கு ஆள் நிண்டும் 45-க்கு வித்திருந்தா அந்த 2 ரூபாதான் உங்கட பயத்திர விலை. அந்த வித்தியாசம் சின்னதாகும் வரைக்கும் 50 பங்கை 500 ஆக்காதீங்க, 500 ஆக்கினா திரும்ப முதல்ல இருந்து பாருங்க, ஏனெண்டா 50 பங்கில அமைதியா இருந்தவனுக்கு 500-ல கை நடுங்குறது சாதாரணம். உரக் காசு, சீட்டுக் காசு, வெளிநாட்டில இருந்து வாற காசு, இதெல்லாம் இந்தப் பரிசோதனைக்குள்ள வரவே வேணாம்.