விரித்த கையும் உறிஞ்சிய பல்லும்: வெளிநாட்டில் தவிர்க்க வேண்டிய சில பிழைகள்

ஏதென்ஸ் நகரத்தில் இரைச்சல் மிகுந்த உணவகம் ஒன்றில் ஐந்து பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து தட்டு வேண்டும் என்பதைச் சற்றுத் தொலைவில் நிற்கும் பரிமாறுபவருக்குத் தெரிவிக்க, ஒருவர் கையை உயர்த்தி, ஐந்து விரல்களையும் நன்றாக விரித்து, உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். நம் ஊரில் இது வெறும் எண். கிரேக்க நாட்டில் இதற்குப் பெயரே உண்டு. மூட்ஸா என்று அழைக்கப்படும் இந்தச் சைகை, வாய்விட்டுச் சொல்லும் வசைக்குச் சற்றும் குறையாத அவமதிப்பாகும்.

மூட்ஸாவைக் காட்டுபவர், பெரும்பாலும் "இந்தா, பிடி" என்று பொருள்படும் "நா" என்ற சொல்லையும் சேர்த்தே சொல்வார். கோபம் மிகுந்தால் ஒரு கையை விரித்து நீட்டி, மற்றக் கையால் அதன் புறங்கையில் அறைந்து, இரட்டை மூட்ஸாவாக ஆக்குவதும் உண்டு. சாலையில் குறுக்கே வண்டியை விட்டவருக்குக் காட்டப்படுவது இது. 2011ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது, ஏதென்ஸின் சின்டாக்மா சதுக்கத்தில் கூடிய பெருங்கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஒரே நேரத்தில் கைகளை விரித்து நீட்டியதும் இதைத்தான். அங்கே எவரும் அதை வணக்கமாகவோ வாழ்த்தாகவோ புரிந்துகொள்ளவில்லை.

இச்சைகை எங்கிருந்து வந்தது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் நமக்கு அந்நியமானதன்று. பைசாந்தியப் பேரரசின் காலத்தில் குற்றவாளிகளைக் கழுதைமேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர்வலமாகக் கொண்டுசெல்வார்கள் என்றும், அவர்கள் முகத்தில் கரியை விரித்த கையால் பூசுவார்கள் என்றும், கரியைக் குறித்த சொல்லே பிற்காலத்தில் சைகையின் பெயராக நிலைத்தது என்றும் கூறுகிறார்கள். கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றும் தண்டனையைக் கேள்விப்பட்டிருக்கும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு இங்கே கவனிக்கத்தக்கது. நம்மிடம் அந்தத் தண்டனையின் நினைவு "முகத்தில் கரியைப் பூசிவிட்டான்" என்ற சொல்லில் தங்கியது. கிரேக்கர்களிடம் அது கையிலேயே தங்கிவிட்டது. நம் கைக்கோ வேறு வரலாறு இருக்கிறது. நடராசர் திருவுருவத்தில் அபயம் அளிக்கும் வலக்கையும், பெரியவர்கள் ஆசி கூற உயர்த்தும் கையும் உள்ளங்கையை நம் பக்கம் காட்டுபவையே. ஒரே கை ஓரிடத்தில் அபயமாகவும் ஓரிடத்தில் கரியாகவும் ஆவதற்குக் காரணம் கையின் வடிவத்தில் இல்லை, அந்த மக்கள் அதை எந்தச் சூழலில் பார்த்துப் பழகினார்கள் என்பதில் இருக்கிறது.

ஆகவே முதலில் தவிர்க்க வேண்டிய பிழை, எண்ணைக் காட்டும் சைகை உலகெங்கும் ஒன்றே என்று நம்புவதாகும். கிரேக்கத்தில் ஐந்து என்று காட்டத்தான் வேண்டுமென்றால் உள்ளங்கையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொள்வது நல்லது. "பெண்டே" என்று வாயால் சொல்லிவிடுவது அதைவிட நல்லது. பயணிகளைப் பார்த்துப் பழகிய ஒரு பரிமாறுபவர் நம்மைத் தவறாக எண்ணமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் சாலையில், வாக்குவாதத்தின் நடுவே, "நில்லுங்கள், பொறுங்கள்" என்று சொல்வதற்காக முகத்துக்கு நேரே விரித்து நீட்டும் கைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. விரல்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன, கை எவ்வளவு வேகமாக முன்னே தள்ளப்படுகிறது, அது ஒருவரின் முகத்தை நோக்கியிருக்கிறதா என்ற மூன்றையும் வைத்தே பார்ப்பவர் தீர்மானிக்கிறார்.

அதே கிரேக்கத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பிழை நேரலாம். கடைக்காரரிடம் ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்டால், அவர் பதில் ஏதும் சொல்லாமல், புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, நாக்கால் பல்லின் பின்புறம் "ச்" என்று ஒருமுறை ஒலிக்கக்கூடும். நம் கதைகளில் "ப்ச்" என்று எழுதப்படும் சலிப்பொலியை இது ஒத்திருப்பதால், அவர் நம்மை மதிக்கவில்லை என்று தோன்றும். அவர் சொன்னதோ "இல்லை" என்பது மட்டுமே. துருக்கியிலும் இதே ஒலிக்கு இதுவே பொருள். சைகையால் அவமதித்துவிடக் கூடாது என்று அஞ்சுகிற அளவுக்கு, அவமதிக்கப்படாத இடத்தில் மனம் புண்படக் கூடாது என்பதிலும் நாம் கவனமாக இருப்பதில்லை.

பல்லோடு தொடர்புடைய ஒலிகளைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில், புலம்பெயர்ந்த தமிழர் அன்றாடம் எதிர்கொள்ளும் சிக்கல் இதில்தான் இருக்கிறது. தமிழில் உச்சுக் கொட்டுதல் என்பது இரக்கத்தின் ஒலி. துயரச் செய்தியைக் கேட்டவர், நாக்கின் நுனியை மேற்பல்லின் பின்னே ஒட்டிச் சட்டென விலக்கி, இரண்டு மூன்று முறை குறுகலாக ஒலிப்பார். தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் இந்த ஒலி எந்த உணர்ச்சியும் ஏற்றப்படாத ஒரு மெய்யெழுத்து. "தயவுசெய்து" என்ற இடத்தில் சூலு மக்கள் பயன்படுத்தும் சொல்லின் நடுவிலேயே இது வருகிறது என்பது டர்பன் நகரத் தமிழருக்குத் தெரிந்த செய்தி.

இதற்கு மிக அருகில் நிற்கும் இன்னோர் ஒலி, மேற்கு ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் கடுமையான இகழ்ச்சியாகும். உதட்டைச் சற்றுக் குவித்து அல்லது ஒரு பக்கமாகத் திறந்து, நாக்கைப் பல்லோடு அழுத்தி, இடைவெளி வழியாகக் காற்றை உள்ளே நீளமாக உறிஞ்சும்போது அது பிறக்கிறது; பல்லிடுக்கில் சிக்கிய உணவை உறிஞ்சி எடுக்கும்போது எழும் ஓசையைப் போன்றது. டிரினிடாடில் இதை ஸ்டூப்ஸ் என்றும், ஜமைக்காவில் பல்லை முத்தமிடுதல் என்றும், பிரெஞ்சு பேசும் இடங்களில் ச்சிப் என்றும் சொல்கிறார்கள். பேருந்தைத் தவறவிட்டவர் தமக்குள் இப்படி ஒலித்துக்கொண்டால் அது எரிச்சல் மட்டுமே. ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது சிறுவன் ஒருவன் அவரைப் பார்த்து இப்படி ஒலித்தால், "உன் பேச்சுக்கு என்ன மதிப்பு" என்று நேருக்கு நேர் கேட்டதற்குச் சமம். ஒலி நீள நீள இகழ்ச்சியும் கூடும். இதனோடு ஒருவரை மேலிருந்து கீழாகக் கண்ணால் அளந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கண்வெட்டும் சேர்ந்தால் ஐயத்துக்கே இடமில்லை. நம் ஊரில் மோவாயைத் தோளில் இடித்து நொடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் சூடு புரியும்.

ஜான் ரிக்ஃபோர்ட், ஆஞ்சலா ரிக்ஃபோர்ட் என்ற இருவர் 1976ஆம் ஆண்டில் இந்த ஒலியையும் கண்வெட்டையும் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். கயானாவிலும் ஜமைக்காவிலும் வழங்கிய இவற்றை அமெரிக்கக் கறுப்பின மக்கள் பெரும்பாலும் அறிந்திருந்தனர். அதே நாட்டில் அவர்களோடு வாழ்ந்த வெள்ளையர்கள் பெரும்பாலும் அறிந்திருக்கவில்லை. ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றிலோ இவற்றுக்குத் தனிப்பெயர்களே இருந்தன. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் மொழிகள் இரண்டு மூன்று தலைமுறைகளில் மறைந்துபோயின. ஆனால் எந்த மொழியின் இலக்கணத்துக்கும் கட்டுப்படாத இந்த ஒலி, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று கடல் கடந்தும் தொடர்ந்தது. நாட்டுக்கு நாடு சைகை மாறுகிறது என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். உண்மையில் சைகையின் எல்லை நாட்டின் எல்லையோடு பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்களுக்கு இடையில்கூட அந்த எல்லை ஓடலாம்.

சொல்லில்லாத இகழ்ச்சி ஏன் சொல்லைப் போலவே சுடுகிறது என்பதற்கும் இந்த ஒலியே நல்ல விளக்கம். வாய் திறந்து மறுத்துப் பேசும் உரிமை இல்லாதவர், தம்மைவிட வலியவரிடம் காட்டக்கூடிய எதிர்ப்பு இது. கேட்டால், "நான் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கூறிவிடலாம். கேட்டவரோ மேற்கோள் காட்டி முறையிடவும் வழியின்றி அவமானத்தைச் சுமக்க நேர்கிறது. சட்டம் இந்தத் தப்பும் வழியைச் சில இடங்களில் அடைத்திருக்கிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் சொல்லும் சொல்லை மட்டுமன்றி, எழுப்பும் ஒலியையும் காட்டும் சைகையையும் சேர்த்தே குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 79ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நோக்கம் என்ற சொல் அங்கே முக்கியமானது. அறியாமல் செய்தவருக்கு அது நீதிமன்றத்தில் உதவக்கூடும். தெருவிலும் வகுப்பறையிலும் எதிரே நிற்பவர் நம் நோக்கத்தைப் பார்ப்பதில்லை. தாம் அறிந்த பொருளையே கேட்கிறார்.

பிரான்சில் 2015ஆம் ஆண்டு, பாரிஸுக்குத் தெற்கே எவ்ரி நகரில் உள்ள ஒரு பள்ளி, ச்சிப் ஒலியைத் தடைசெய்தது செய்தியானது. பாரிஸ் வட்டாரத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளை ஒன்று, உடன் படிக்கும் நண்பர்களிடமிருந்து இந்த ஒலியைக் கற்றுக்கொண்டு ஆசிரியர் முன் ஒலித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு அழைக்கப்பட்ட பெற்றோர், "எங்கள் வீட்டில் எல்லோரும் உச்சுக் கொட்டுவோம், அதில் என்ன தவறு" என்று கேட்டால், இரண்டு வேறு ஒலிகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். அவர்கள் முதலில் பிள்ளையை அந்த ஒலியை அப்படியே செய்துகாட்டச் சொல்ல வேண்டும். குறுகலாக, தனித்தனியாக, நாக்கு விலகும் ஒலியாக இருந்தால் அது வீட்டில் கற்ற உச்சு. அதை ஆசிரியருக்கு விளக்கிச் சொல்லலாம். நீளமாக, உள்ளே உறிஞ்சும் ஒலியாக இருந்தால் அது ச்சிப். வீட்டுப் பழக்கத்தைச் சொல்லி அதைக் காப்பாற்ற முயல்வது தவறு.

இன்னொரு பிழை, அறியாமலே நிகழக்கூடியது. லண்டனிலோ டொராண்டோவிலோ கரீபிய நண்பர்களுடன் பணிபுரியும் ஒருவர், மதிய உணவுக்குப் பின் பல்லிடுக்கை நாக்கால் உறிஞ்சிக்கொண்டே சக ஊழியரை நிமிர்ந்து பார்த்தால், அவர் கேட்பது வேறொன்றாக இருக்கும். அவர்களில் ஒருவர் வீட்டில் நேர்ந்த மரணத்தைச் சொல்லும்போதும் இரக்கத்தை உச்சில் மட்டும் விட்டுவிடக் கூடாது. நம் உச்சு அவர்கள் காதில் ச்சிப் ஆகாது என்றாலும், அதில் இரக்கம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. கண்ணைப் பார்த்து, "கேட்கவே வருத்தமாக இருக்கிறது" என்று அவர் மொழியில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.