வெளிநாட்டு ஆர்டரில் 38 என்றால் எந்த 38?

கும்பகோணத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிற இளம்பெண் ஒருத்தி. கதைக்கு ஒரு பெயர் வேண்டும், மாலதி என்று வைத்துக்கொள்வோம். தைத்தவற்றையெல்லாம் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். இணையத்தில் வந்த முதல் ஆர்டரே ஜெர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து, யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடமிருந்து. அந்த நாட்டு ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு உடுத்தப் பட்டுப்புடவை இருக்கிறது, அதற்கு ஜாக்கெட் வேண்டுமாம். "நான் 38 சைஸ்தான் போடுறனான் தங்கச்சி, அதிலேயே தைச்சு விடுங்கோ" என்று எழுதியிருந்தார்.

மாலதி நோட்டில் 38 என்று குறித்துக்கொண்டாள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. நம் ஊர்த் தையல்காரருக்கு 38 என்றால் மார்புச் சுற்றளவு 38 இஞ்ச். ஜெர்மனியில் அது கடையில் விற்கும் பெண்கள் உடைக்கான எண். அந்த எண்ணுக்கு மார்பு சுமார் 88 சென்டிமீட்டர், அதாவது 34½ இஞ்ச் சொச்சம்தான். 38 இஞ்சுக்கு வெட்டியிருந்தால் மூன்று இஞ்சுக்கு மேல் தொளதொளவென்று நின்றிருக்கும். பிரான்ஸ்காரர் சொல்லும் 38 இன்னும் ஒரு சைஸ் சின்னது. அதனால் சைஸ் எண்ணையே வாங்காதீர்கள். டேப்பில் எடுத்த அளவைக் கேளுங்கள், இஞ்சா சென்டிமீட்டரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேட்டதும் அக்கா "மார்பு 89" என்று அனுப்பினார். சரி, சென்டிமீட்டர்தான், 35 இஞ்ச். ஆனால் எதில் எடுத்தது? உடம்பிலா, ஜாக்கெட்டிலா? இதைக் கேட்காமல் விடுவது இரண்டாவது தவறு, என் கணக்கில் இதுதான் பெரியது. அளவு ஜாக்கெட்டைத் தபாலில் வரவழைத்தால் செலவும் நாளும் ஆகும். அதற்குப் பதில், இப்போது சரியாக இருக்கிற ஜாக்கெட் ஒன்றை (கல்யாணத்துக்குத் தைத்ததை அல்ல) கொக்கி மாட்டி, மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, டேப்பை மேலே வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். எண்ணை அவர் வாசித்துச் சொல்வதைவிடப் படத்தில் நாமே பார்ப்பது மேல். மாலதி அப்படித்தான் செய்தாள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை 45½ சென்டிமீட்டர் இருந்தது. இரட்டித்தால் 91, கிட்டத்தட்ட 36 இஞ்ச்.

உடம்பு 35, ஜாக்கெட் 36க்குச் சற்றுக் குறைவு. இடையில் உள்ள முக்கால் இஞ்ச்தான் அந்த அக்கா விரும்பும் தளர்வு. 89ஐ ஜாக்கெட் அளவென்று நினைத்து வெட்டினால் கொக்கி இழுத்துப் பிடிக்கும். 91ஐ உடம்பளவு என்று எடுத்து அதன்மேல் இன்னொரு தளர்வு விட்டால் தொங்கும். கைக்குழிக்கும் ஒரு படம் கேளுங்கள். அங்கே டேப்பைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, வளைவோடு வளைவாக ஓட்டி அளக்க வேண்டும். நேர்கோட்டில் அளந்தால் சுற்றளவு குறைவாகக் காட்டும், கை தூக்கவே முடியாத ஜாக்கெட் வந்து சேரும்.

லைனிங்கை நனைக்காமல் வெட்டுவது அடுத்த தவறு. பருத்தி லைனிங் முதல் நனைப்பில் சுருங்கும், மேல்துணி அப்படியே நிற்கும், ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் விழும். முதல் நாளே நீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். பட்டு என்றால் வாஷிங் மெஷினில் போட வேண்டாம் என்று ஒரு சீட்டும் எழுதி உள்ளே வையுங்கள்.

உள்ளூர் ஆள் என்றால் "கொஞ்சம் பிடிக்குது" என்று மறுநாளே வந்து நிற்பார். டோர்ட்முண்டிலிருந்து யார் வருவது? அதனால் பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விட்டு, கால் இஞ்ச் இடைவெளியில் மூன்று வரிசை ஓட்ட வேண்டும். உள்வரிசை ஒன்றைப் பிரித்தால் முன்துணியில் கால், பின்துணியில் கால், இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் ஒரு இஞ்ச் விடும். கைச் சுற்றிலும் அரை இஞ்ச் கிடைக்கும். எந்த வரிசையை எங்கிருந்து பிரிப்பது என்று மாலதி ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பினாள். அக்கா ஒரு வரிசை பிரித்தாராம்.

கடைசியில் தபால். சுங்கப் படிவத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதிவிட்டால் வரி வராது என்று யாராவது சொல்வார்கள். காசு வாங்கித் தைத்தது விற்பனைதான், அப்படி எழுதுவது பொய்க் கணக்கு. 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சின்ன மதிப்புப் பொருளுக்கும் மதிப்புக்கூட்டு வரி உண்டு, ஜெர்மனியில் பொதுவாக 19 சதவீதம். அதோடு தபால்காரர்கள் கையாளும் கட்டணமும் கேட்பார்கள். இதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பார்சல் வாசலுக்கு வந்த பிறகு "இது என்ன காசு, தங்கச்சி?" என்று கேள்வி வரும்.