பிராவின் கப் கோணுவது துவைக்கும்போது இல்லை, பிழியும்போது

ஃபோம் கப் வைத்த பிராவை அலசி முடித்ததும் கை தானாக என்ன செய்யும்? மற்ற துணியைப் போலவே இரண்டு முனையையும் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கும். பல பிராக்களின் கதை அந்த ஒரு முறுக்கில் முடிந்துவிடுகிறது. எந்த சோப்பு, எத்தனை நிமிடம் ஊறல் என்றெல்லாம் கவலைப்படுவோம், ஆனால் கப் கோணலாவதும் எலாஸ்டிக் தொங்கிப்போவதும் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான், ஈரத்தை வெளியேற்றும் நேரத்தில்.

காரணம் கப் செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது. தட்டையான ஃபோம் தாளின் இரண்டு பக்கமும் துணி ஒட்டி, அதைச் சூடான உலோக அச்சில் வைத்து அழுத்துவார்கள், அந்தச் சூட்டில்தான் வளைவு நிலைக்கிறது. அதாவது கப்பின் வடிவத்தைத் தையல் பிடித்து வைத்திருக்கவில்லை, ஃபோமே பிடித்து வைத்திருக்கிறது. உள்ளங்கையால் அழுத்தினால் ஃபோம் திரும்ப எழுந்துவிடும். முறுக்கினால் ஃபோம் ஒரு பக்கமும் மேல் துணி இன்னொரு பக்கமும் இழுபட்டு, ஒட்டிய இடம் விட்டுப்போகும். அப்புறம் அந்த இடத்தில் துணி கொப்புளம் மாதிரி எழும், அல்லது மடிப்புக் கோடு விழும். கம்பி வைத்த பிராவாக இருந்தால் முறுக்கும்போது கம்பியும் சேர்ந்து திருகிக்கொள்கிறது, அதன் முனை உறைத் துணியைக் குத்திக்கொண்டு அக்குள் பக்கமாக வெளியே வரத் தொடங்குவது இப்படித்தான்.

எனக்கு நடந்தது இது. அவசரத்தில் ஒரு நாள் பிழிந்துவிட்டு, ஒரு கப்பை இன்னொன்றுக்குள் கவிழ்த்து ஈரத்தோடேயே ஓரமாக வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் இடது கப்பில் சாய்வாக ஒரு பள்ளம், டீஷர்ட் போட்டால் அப்படியே வெளியே தெரிகிறது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைத்து, உள்ளிருந்து கட்டைவிரலால் பள்ளத்தை வெளியே தள்ளி, சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டி கப்புக்குள் அடைத்துக் காய வைத்தேன். பள்ளம் எழுந்துவிட்டது, கோடு மட்டும் மெலிதாக நின்றுவிட்டது. மடிப்பு புதிதாக இருந்தால் இந்த வழி ஓரளவு பலிக்கும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள், அந்தச் சூட்டில் ஃபோம் அமுங்கி அப்படியே நின்றுவிடும்.

சரி, பிழியாமல் தண்ணீரை எப்படி எடுப்பது? முதலில் துவைப்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சுமார் 4 லிட்டர் தண்ணீர், 30 டிகிரி வரை, அதாவது மணிக்கட்டை விட்டுப் பார்த்தால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. ஒரு டீஸ்பூன் லிக்விட் டிடர்ஜென்ட் தாராளமாகப் போதும். அதிகம் போட்டால் ஃபோம் உறிஞ்சிக்கொள்ளும், எத்தனை முறை அலசினாலும் நுரை வந்துகொண்டே இருக்கும். 10 அல்லது 15 நிமிடம் ஊறட்டும். தேய்ப்பது முதுகுப் பட்டையையும் அக்குள் ஓரத்தையும் மட்டும், கப்பை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விட்டாலே அழுக்கு இறங்கிவிடும். தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள்.

இப்போது பிராவைத் தூக்கிப் பாருங்கள், கையில் கனக்கும். கப் இரண்டும் ஸ்பாஞ்ச் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கப்பையும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக அமுக்கி முதல் தண்ணீரை வடியுங்கள். அப்புறம் ஒரு காய்ந்த துண்டை விரித்து, பிராவை கப் மேலே பார்க்க அதில் வைத்து, துண்டின் மறுபாதியால் மூடி, கை வைத்து அழுத்துங்கள். துண்டோடு சேர்த்துச் சுருட்டச் சொல்பவர்கள் உண்டு. ஃபோம் இல்லாத மெல்லிய பிராவுக்கு அது சரி, ஃபோம் கப்பைச் சுருட்டினால் அதுவும் மடிப்புதான். எடுத்ததும் கப்புக்குள் கையை விட்டு வளைவைச் சரிசெய்துவிடுங்கள், ஈரமாக இருக்கும்போது அது சொன்னபடி கேட்கும்.

அடுத்த தவறு கொடியில் நடக்கிறது. ஸ்ட்ராப்பில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் அத்தனை ஈரத்தின் கனமும் ஸ்ட்ராப்பின் எலாஸ்டிக்கில் இறங்கி, காயும் வரை மணிக்கணக்கில் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். பட்டையின் ஒரு முனையில் கிளிப் போட்டாலும் இதே கதை, இந்த முறை நீள்வது பட்டை. இரண்டு கப்பும் சேரும் நடுப்பகுதியில் எலாஸ்டிக் பெரும்பாலும் இருக்காது, அதனால் அந்த நடுப்பகுதியைக் கொடியின் மேல் போட்டு, பக்கத்துக்கு ஒரு கப்பாக விட்டுவிடுங்கள். தட்டையாக வைத்துக் காயவைக்க இடம் இருந்தால் இன்னும் நல்லது. இடம் எதுவானாலும் நிழல் வேண்டும், வெயிலில் ஃபோம் மஞ்சளாகும், எலாஸ்டிக் நூலும் பலம் இழக்கும். டிரையர் கூடவே கூடாது. மேல் துணி காய்ந்த பிறகும் ஃபோமின் உள்ளே ஈரம் இருக்கும், ஒரு டிஷ்யூவை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.

எலாஸ்டிக்குக்கு இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு, குளோரின் பிளீச்சும் துணியை மென்மையாக்க ஊற்றும் கண்டிஷனரும். பிளீச் நூலை அரிக்கும், கண்டிஷனர் நூலின் மேல் வழவழப்பாகப் படிந்து பட்டையின் பிடிப்பைக் குறைக்கும். இதற்காக துவைக்காமலே தள்ளிப்போடுவதும் சரியில்லை, வியர்வையும் உடம்பு எண்ணெயும் தேங்கினாலும் எலாஸ்டிக் கெடும். இரண்டு மூன்று முறை போட்டதும் துவைத்துவிடலாம்.

மெஷின்தான் வழி என்றால், சுழலும்போது வேறு துணியில் மாட்டாமல் இருக்க முதலில் கொக்கியை மாட்டிவிட்டு, பிரா மட்டும் கொள்ளும் அளவான வலைப்பையில் போடுங்கள். பை பெரிதாக இருந்தால் உள்ளேயே புரண்டு மடங்கும். மென்மையான ஓட்டம், 30 டிகிரி, ஸ்பின் 400 சுற்றுக்கு மேல் வேண்டாம், முடிந்தால் ஸ்பினையே நிறுத்திவிடுங்கள். ஜீன்ஸும் குளியல் துண்டும் அதே சுற்றில் போகக் கூடாது, கம்பியை வளைப்பது அவற்றின் கனம்தான்.

பட்டை போய்விட்டதா என்று பார்க்க, விரல்களால் இழுத்து விட்டுப் பாருங்கள். பழைய நீளத்துக்குத் திரும்பாமல் அலை அலையாக நின்றாலோ, ஓரத்தில் மெல்லிய வெள்ளை நூல்கள் முடி மாதிரி எட்டிப் பார்த்தாலோ, உள்ளே எலாஸ்டிக் அறுந்துகொண்டிருக்கிறது. கடைசி உள்கொக்கியில் மாட்டிய பிறகும் பட்டை முதுகில் மேலே ஏறினால் எந்த மென்மையான துவைப்பும் அதைத் திருப்பித் தராது. கோடு விழுந்த என் பிராவுக்குப் பட்டை இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது, அதைக் கொஞ்சம் தடித்த துணிச் சட்டைகளுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.