மடக்கை அசமன்பாடுகள்: குறியைத் திருப்பிய பிறகும் விடை தவறுவது ஏன்?

அடிமானம் 0-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் அசமன்பாட்டுக் குறி திரும்பும். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த விதியைச் சொல்லிவிடுவார்கள். அப்படியும் விடைத்தாளில் விடை தவறாகவே வருகிறது, அதுவும் ஆண்டுதோறும் அதே இரண்டு மூன்று இடங்களில். கூட்டல் பிழை, அடைப்புக்குறி விட்டுப்போவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். விதி தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடங்களைத்தான் பார்க்க வேண்டும். கீழே log_½ என்று எழுதினால் அடிமானம் ½ என்று கொள்க. அடிமானம் எழுதாத log என்றால் அடிமானம் 10.

குறி திரும்புவதைக் காரணம் தெரியாமல் செய்வது

½-ஐ அடிமானமாக வைத்து நான்கு மதிப்புகளை எழுதிப் பாருங்கள். log_½(¼) = 2, log_½(1) = 0, log_½(2) = −1, log_½(8) = −3. உள்ளே இருக்கும் எண் ¼-இலிருந்து 8 வரை ஏறுகிறது, மடக்கையோ 2-இலிருந்து −3 வரை இறங்குகிறது. எண் பெரிதானால் மடக்கை சிறிதாகிறது என்பதால், மடக்கையை நீக்கும்போது 'பெரியது' என்பது 'சிறியது' ஆகிவிடுகிறது. காரணம் இவ்வளவுதான்.

வேதியியல் படிப்பவர்களுக்கு இது பழகிய செய்தி. pH என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கைக்கு எதிர்க்குறி போட்டது, அதாவது 1/10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை. எலுமிச்சைச் சாற்றில் செறிவு தூய நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், ஆனால் pH ஏறக்குறைய 2, தூய நீருக்கு 7. செறிவு கூடக் கூட pH குறைகிறது. குறி திரும்புவதும் அதே காரணத்தால்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைக் களைந்துவிட வேண்டும். மடக்கையை நீக்கும்போது குறியைத் திருப்புவது அடிமானம் மட்டுமே. வலப்பக்கம் −1 என்று எதிர்மறை எண் இருப்பதால் குறி திரும்பாது. log₂(x) > −1 என்பதில் எதையும் திருப்பக் கூடாது, அது x > ½ என்றுதான் ஆகும்.

குறியைத் திருப்பிவிட்டுப் பூச்சியத்தை மறப்பது

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். கடினமான பகுதியைச் சரியாகச் செய்த மாணவர் கடைசி வரியில் மதிப்பெண்ணைத் தவறவிடுகிறார். கற்றுக்கொடுக்கும் முறையே இந்தத் தவறை வளர்க்கிறது என்பது கூடுதல் வேதனை.

முதலில் பழகும் கணக்குகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: log₂(x − 3) > 1. மடக்கையை நீக்கினால் x − 3 > 2, ஆகவே x > 5. சார்பகம் x > 3. ஐந்தைவிடப் பெரிய எண் மூன்றைவிடவும் பெரியதுதானே, அதனால் சார்பகத்தை எழுதினாலும் எழுதாவிட்டாலும் விடை ஒன்றே. இப்படிப் பத்துக் கணக்கு போட்டவருக்குச் சார்பகம் என்பது ஆசிரியருக்காக எழுதும் சடங்கு வரியாகிவிடுகிறது.

இப்போது அடிமானத்தை மட்டும் மாற்றுவோம்: log_½(x − 3) > −1. (½)⁻¹ = 2 என்பதால், குறியைத் திருப்பினால் x − 3 < 2, அதாவது x < 5. பல விடைத்தாள்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. x = −10 கூட ஐந்தைவிடச் சிறியதுதான், ஆனால் அதைப் போட்டால் உள்ளே −13 வருகிறது. எதிர்மறை எண்ணுக்கு மடக்கை கிடையாது. சரியான விடை 3 < x < 5.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அடிமானத்தைப் பற்றிய விதி அல்ல. மடக்கையை நீக்கிய பிறகு வரும் வரியைப் பாருங்கள். 'உள்ளே இருப்பது ஒரு நேர் எண்ணைவிடப் பெரியது' என்று வந்தால், அது பூச்சியத்தைவிடப் பெரியதாக இருப்பது தானாகவே உறுதியாகிவிடும். 'சிறியது' என்று வந்தால் உறுதியாகாது, பூச்சியத்தை நாம்தான் கையால் எழுத வேண்டும். ஆகவே log₂(x − 3) < 1 என்ற கணக்கிலும் இதே ஆபத்து உண்டு. அடிமானம் ½ ஆனால், 'பெரியது' என்று வினாவில் பார்த்த கணக்கே இந்த ஆபத்தான பக்கத்துக்கு வந்துவிடுகிறது.

இருபடி வரும்போது இழப்பு இன்னும் பெரிது. இந்தக் கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம்:

log_½(x² − 5x + 6) > −1

மடக்கையை நீக்கும் அதே வரியில், அதே கணத்தில், இடப்பக்கம் பூச்சியத்தையும் எழுதிவிடுங்கள்:

0 < x² − 5x + 6 < 2

பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மறந்துபோகும். வல அரையை எடுத்தால் x² − 5x + 4 < 0, அதாவது (x − 1)(x − 4) < 0, ஆகவே 1 < x < 4. இட அரையில் (x − 2)(x − 3) > 0, ஆகவே x < 2 அல்லது x > 3. இரண்டும் சேர்ந்து நிறைவேற வேண்டும். எண்கோட்டில் 1-இலிருந்து 4 வரை நிழலிட்டு, நடுவில் 2-இலிருந்து 3 வரையுள்ள துண்டை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது (1, 2) ∪ (3, 4).

பூச்சியத்தை மறந்தவர் (1, 4) என்று எழுதியிருப்பார். அதன் நடுப்புள்ளி 2.5-ஐப் போட்டாலே குட்டு வெளிப்படும்: 6.25 − 12.5 + 6 = −0.25. குறியையே திருப்பாதவர் நிலை வேறு. அவருக்கு x < 1 அல்லது x > 4 என்று வரும், அந்த எண்கள் எல்லாம் சார்பகத்துக்குள்ளேயே இருப்பதால் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. x = 0 போட்டுக் கணக்கிட்டால்தான் தெரியும். log_½(6) என்பது log 6-ஐ log 0.5-ஆல் வகுப்பது, ஏறக்குறைய −2.58. அது −1-ஐவிடச் சிறியது, ஆகவே விடை தவறு. சரியான விடையிலிருந்து 1.5-ஐ எடுத்தால் உள்ளே 0.75, மடக்கை ஏறக்குறைய 0.415, அது −1-ஐவிடப் பெரியது. இடைவெளிக்கு ஓர் எண் எடுத்து இப்படிச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்.

மடக்கைக்குள் மடக்கை வந்தால் இதே தவறு வேறு வேடத்தில் வரும். log_½(log₃ x) > 0 என்பதற்கு log₃ x < 1, x < 3 என்று எழுதிவிட்டு, 'மடக்கை என்பதால் x > 0' என்று சேர்த்து 0 < x < 3 என முடிப்பவர்கள் உண்டு. இவர்கள் சார்பகத்தை மறக்கவில்லை, உள் மடக்கைக்கு மட்டும் பார்த்திருக்கிறார்கள். வெளி மடக்கைக்கு உள்ளே இருப்பது x அல்ல, log₃ x. நேராக இருக்க வேண்டியது அதுதான். 0 < log₃ x < 1 என்று ஒரே வரியில் எழுதினால் 1 < x < 3 என்று வந்து நிற்கும்.

இரு பக்கமும் மடக்கை இருந்தாலும் முறை மாறாது. log_½(f) > log_½(g) என்றால் 0 < f < g. g-க்குத் தனியாகப் பூச்சியம் பார்க்கத் தேவையில்லை, நேர் எண்ணான f-ஐவிடப் பெரியது தானும் நேர் எண்ணாகத்தான் இருக்கும். இரண்டில் சிறியதற்கு மட்டும் நிபந்தனை எழுதினால் போதும்.

மடக்கைகளைச் சேர்த்த பிறகு சார்பகம் தேடுவது

log_½(x − 2) + log_½(x − 4) ≥ −3 என்ற கணக்கில் இரண்டையும் பெருக்கலாகச் சேர்த்தால் (x − 2)(x − 4) ≤ 8, அதாவது x² − 6x ≤ 0, ஆகவே 0 ≤ x ≤ 6. இப்போது பெருக்கல்பலன் மட்டும் நேராக இருந்தால் போதும் என்று நினைத்தால் [0, 2) என்ற துண்டும் விடைக்குள் நுழைந்துவிடும். x = 0-இல் பெருக்கல்பலன் 8 என்பது உண்மைதான், ஆனால் வினாவில் இருப்பது log_½(−2). சார்பகத்தை வினாவின் முதல் வரியிலிருந்தே எடுக்க வேண்டும்: x > 2, x > 4 இரண்டும் வேண்டும் என்பதால் x > 4. விடை (4, 6].

இரண்டு முறை திருப்புவது

log_½(x) = −log₂(x) என்று மாற்றி, −1-ஆல் பெருக்கும்போது ஒரு முறை திருப்பியாயிற்று. அடிமானம் இப்போது 2. மறுபடி திருப்பாதீர்கள்.

அடிமானமே கண்ணில் படாத இடம்

ஒரு கண்ணாடித் தகடு தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைக் கடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை தகடுகளை அடுக்கினால் வெளிவரும் ஒளி 1 விழுக்காட்டுக்கும் குறையும்? (0.8)ⁿ < 0.01. இருபுறமும் log எடுத்தால் n log 0.8 < −2. log எடுத்தபோது குறி திரும்பவில்லை, ஏனென்றால் அடிமானம் 10. திரும்புவது அடுத்த படியில். log 0.8 ஏறக்குறைய −0.0969. எதிர்மறை எண்ணால் வகுக்கிறோம், ஆகவே n > 20.64, அதாவது 21 தகடுகள்.

log 0.8 என்று எழுத்தில் இருக்கும்போது அது எதிர்மறை எண் என்பது கண்ணில் படுவதில்லை. அதனால்தான் n < 20.64 என்று அத்தனை பேர் எழுதுகிறார்கள். 20 தகடுகளில் கிடைப்பது ஏறக்குறைய 0.0115, 21-இல் 0.0092. 1-ஐவிடச் சிறிய எண்ணின் log-ஐப் பார்த்தவுடன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கழித்தல் குறி போட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

x-ஏ அடிமானமாக இருப்பது

log_x(2x − ¾) > 2. குறி திரும்புமா என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது, கணக்கை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும்.

x > 1 என்றால் குறி அப்படியே நிற்கும்: 2x − ¾ > x², அதாவது (x − ½)(x − 3⁄2) < 0. இதில் ½ < x < 3⁄2 என்று வந்தாலும், நாம் x > 1 என்ற அறைக்குள் இருக்கிறோம். ஆகவே 1 < x < 3⁄2.

0 < x < 1 என்றால் குறி திரும்பும், பூச்சியமும் கூடவே வரும்: 0 < 2x − ¾ < x². இட அரை x > 3⁄8 என்கிறது, வல அரை x < ½ அல்லது x > 3⁄2 என்கிறது. இந்த அறைக்குள் மிஞ்சுவது 3⁄8 < x < ½.

இரண்டு அறைகளிலும் கிடைத்தவற்றைச் சேர்த்தால் (3⁄8, ½) ∪ (1, 3⁄2). ஓர் அறைக்குள் நிபந்தனைகளின் வெட்டு, அறைகளுக்கு இடையே சேர்ப்பு. இதை மாற்றிச் செய்து, இரண்டு அறைகளுக்கும் பொதுவானது எது என்று தேடி 'தீர்வு இல்லை' என்று முடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

x = 1

அடிமானமாக ஆகாது. மேலே உள்ள விடையில் 1 சேராததற்கு அதுவே காரணம்.

log x²

2 log x அல்ல, 2 log |x|. மட்டுக்குறியை விட்டால் எதிர்மறைப் பக்கத் தீர்வுகள் அத்தனையும் போய்விடும்: log x² < 2 என்பதற்கு விடை (−10, 0) ∪ (0, 10), வெறும் (0, 10) அல்ல.