ஷார்ட் செய்து பார்க்காத பவர் சப்ளை

போன சித்திரையில் அக்கா மகன் தான் செய்த பவர் சப்ளையைக் கொண்டுவந்து காட்டினான். டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய 12-0-12, 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், பாஸ் டிரான்சிஸ்டராக ஒரு 2N3055, கரண்ட் லிமிட் 1 ஆம்பியர். "ஷார்ட் ஆனாலும் ஒண்ணும் ஆகாது மாமா" என்று இரண்டு கிளிப்பையும் சேர்த்துப் பிடித்தான். மீட்டர் 1 ஆம்பியரில் நின்றது. ஐந்து நிமிடத்தில் முள் எகிறியது, ஃபியூஸ் போனது.

லிமிட் சரியாகத்தான் வேலை செய்தது. அவன் போடாத கணக்கு வெப்பம். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு ஓரங்களிலிருந்து எடுத்தால் 24 வோல்ட் ஏ.சி.; பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் தாண்டினால் சுமார் 32 வோல்ட் டி.சி. ஷார்ட்டில் வெளியே கிட்டத்தட்ட 0 வோல்ட் என்பதால், அந்த 32 வோல்ட்டும் டிரான்சிஸ்டர் தலையில்தான் விழும். 1 ஆம்பியரில் 32 வாட், ஒரு சால்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு. அவன் மாட்டியிருந்த சின்ன ஹீட் சிங்க் வாட்டுக்கு 5 டிகிரி ஏறும் ரகம். டிரான்சிஸ்டருக்குள்ளும் அதன் அடியில் வைக்கும் மைகா தகட்டிலும் வாட்டுக்கு இன்னும் 2 டிகிரி. மொத்தம் 7 × 32 = 224; மதுரை வெயிலில் அறையே 40. 2N3055 தாங்குவது 200 டிகிரி.

இதில் மோசமானது என்னவென்றால், பாஸ் டிரான்சிஸ்டர் செத்தால் பெரும்பாலும் கலெக்டரும் எமிட்டரும் ஒட்டிக்கொள்ளும். அப்போது 3.3 வோல்ட் போர்டு மாட்டியிருந்தால் அதற்கு 32 வோல்ட் போகும்; லிமிட்டும் இருக்காது.

அப்புறம் இரண்டு மாற்றம் செய்தோம். வாட்டுக்கு 2 டிகிரிக்குள் ஏறும் பெரிய சிங்க் போட்டோம். 9 வோல்ட்டுக்குக் கீழே வேலை என்றால், நடு டேப்பிலிருந்து 12 வோல்ட் மட்டும் எடுக்க ஒரு ஸ்விட்ச் வைத்தோம். அந்தப் பக்கம் ஷார்ட் ஆனால் சுமார் 16 வாட்தான். டிரான்ஸ்ஃபார்மரில் 2 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஏ.சி. கணக்கு, இந்த மாதிரி சர்க்யூட்டில் டி.சி.யாக 1.2 ஆம்பியருக்கு மேல் கேட்காதீர்கள்.

இன்னொரு தவறு அவனே கண்டுபிடித்தது. லிமிட்டை 20 மில்லி ஆம்பியரில் வைத்து, 12 வோல்ட்டில் எல்.இ.டி.யைத் தொட்டான், பளிச்சென்று ஒரு மின்னல், அவ்வளவுதான். அவுட்புட்டில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தது. லிமிட் சர்க்யூட் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கெப்பாசிட்டர் சேர்த்துவைத்ததை அது எப்படித் தடுக்கும்? வெளியே 10 மைக்ரோஃபாரட் போதும். எல்.இ.டி.யை வோல்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து இணைத்துவிட்டு மெல்ல ஏற்ற வேண்டும்.

230 வோல்ட் பக்கம் ஃபியூஸ், இரும்புப் பெட்டிக்கு எர்த் இரண்டும் கட்டாயம். முடித்ததும் ஷார்ட் செய்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். சூடு ஏறிக்கொண்டே போனால் சிங்க் பத்தவில்லை. ஓரிடத்தில் நின்றால், நடுவில் மீட்டர் 1 ஆம்பியரிலேயே இருந்ததா என்று மட்டும் கவனியுங்கள்.