பழைய யாப்பு, புதிய யாப்பு: மாற்ற அட்டவணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்துச் சங்கங்கள் தங்கள் விதிகள் அடங்கிய யாப்பைத் திருத்தும்போது, எது மாறியது என்று அட்டவணை போட்டுத் தரும் வேலை கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளிடம் போகிறது. ஆர்வமாகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

இலக்கத்தை வைத்து ஒப்பிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். ஹட்டன் பக்கம் ஒரு மரண உதவிச் சங்கம். புதிய யாப்பில் 4ஆம் பிரிவாக இளைஞர் பிரதிநிதியைச் சேர்த்தார்கள். அதனால் பழைய 4 இப்போது 5, பழைய 7 இப்போது 8. அட்டவணை போட்ட தம்பி 4க்கு நேரே 4, 5க்கு நேரே 5 என்று வைத்துவிட்டார். 4இலிருந்து கடைசிவரை எல்லாமே "மாற்றப்பட்டது". பொதுக்கூட்டத்தில் யார் அதை வாசிப்பார்கள்? கை தூக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

உண்மையில் மாறியது இவ்வளவுதான்:

| பழையது | புதியது | பழைய வாசகம் | புதிய வாசகம் | விளைவு |
|---|---|---|---|---|
| இல்லை | 4 | இல்லை | இளைஞர் பிரதிநிதி ஒருவர் | புதிது |
| 7 | 8 | 3 மாதம் சந்தா கட்டாதவர் நீக்கப்படலாம் | 2 மாதம் சந்தா கட்டாதவர் நீக்கப்படுவார் | தவணை குறைகிறது. குழுவுக்கு வேறு வழியில்லை |
| 9 | 10 | 7ஆம் பிரிவின்படி நீக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்யலாம் | அதே வாசகம் | 7 இப்போது பொருளாளர் பற்றியது. மேன்முறையீடு அறுந்துவிட்டது |

மூன்றாவது வரியைப் பாருங்கள். ஓர் எழுத்துகூட மாறவில்லை, அதனால் எந்த மென்பொருளும் அதைக் காட்டாது. பிரிவு இலக்கத்தைக் கையால் தட்டியிருந்தால் அது தானாக மாறாது. வேலை குறைந்த மாதங்களில் சந்தா தவறிய ஒரு குடும்பத்தின் பெயரை வெட்டினார்கள். மேன்முறையீடு கேட்டபோது, "7ஆம் பிரிவு உங்களைப் பற்றியது இல்லை" என்று யாப்பையே நீட்டினார்கள்.

ஆகவே ஒப்பிடும் முன், எந்தப் பழைய பிரிவு எந்தப் புதிய பிரிவானது என்று விஷயத்தைப் பார்த்துத் தாளில் எழுதுங்கள். ஜோடி சேர்ந்த பிறகே வாசகத்தைப் பாருங்கள். அப்புறம் புதிய நகலில் "பிரி" என்று மட்டும் தேடி, "பிரிவு", "பிரிவின்படி" என எல்லாவற்றோடும் வரும் ஒவ்வோர் இலக்கத்தையும் அந்தத் தாளோடு சரிபாருங்கள்.

பாமினியையும் யுனிகோடையும் ஒப்பிடுவது

பழைய நகல் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். நம் கண்ணுக்கு "அம்மா" என்று தெரிவது கம்ப்யூட்டருக்கு `mk;kh`. Word இல் `Review`, `Compare` கொடுத்தால் முழுப் பக்கமும் சிவந்துவிடும். முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை அச்சுப் பிரதியோடு ஒருமுறை வாசித்தும் பாருங்கள்.

"சிறு திருத்தம்" என்று எழுதுவது

இரண்டு வாசகத்தையும் அப்படியே போடுங்கள். சிறிதா பெரிதா என்பதைக் கூட்டம் முடிவு செய்யட்டும்.

எழுத்துப்பிழைத் திருத்தங்களையும் அதே அட்டவணையில் கலப்பது

தனித் தாளில் போடுங்கள்.