200 கேஸ் கிணறுகள், 5,000 பேர்: சுகாதாரத் தாக்க மதிப்பீட்டைப் படிப்படியாகச் செய்வது எப்படி

ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்பே, அதனால் சுற்றுவட்டார மக்களின் உடல்நலம் எப்படி மாறும் என்று கணித்து, அனுமதி கொடுக்கப்போகிறவரின் மேசையில் வைப்பதுதான் சுகாதாரத் தாக்க மதிப்பீடு. அனுமதி கொடுத்தபின் செய்தால் அது வெறும் ஆய்வு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கார்ஃபீல்டு கவுண்டி என்ற மாவட்டத்தில் உள்ள பேட்டில்மென்ட் மேசா என்ற ஊரைப் பார்ப்போம். கணக்கு நன்றாகப் போடப்பட்டும் அறிக்கை முடிவு பெறாமல் போன ஊர் அது.

படி 1: தேவையா என்று பார்ப்பது

2009இல் ஆன்டெரோ ரிசோர்சஸ் என்ற நிறுவனம் இந்த ஊருக்குள்ளேயே சுமார் 200 எரிவாயுக் கிணறுகள் தோண்டப்போவதாக அறிவித்தது. ஊரின் மக்கள்தொகை சுமார் 5,000. முதலில் எண்ணெய்ப்பாறைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர். 1982இல் அந்தத் தொழில் படுத்துவிட்டதால், ஓய்வுபெற்றவர்கள் வந்து குடியேறும் இடமாக மாறிவிட்டது. அதனால் வயதானவர்கள் அதிகம்.

இந்தப் படியில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. யாருக்காவது பாதிப்பு வர வாய்ப்பு உண்டா? முடிவெடுக்க இன்னும் நேரம் இருக்கிறதா? அந்த முடிவை மாற்றும் அதிகாரம் யாரிடம்? இங்கே ஊருக்குள் தோண்ட கவுண்டியின் சிறப்பு அனுமதி வேண்டும், அதைக் கொடுப்பவர்கள் கவுண்டி ஆணையர்கள். மக்கள் கேட்டுக்கொண்டபின் அதே ஆணையர்கள்தான் கொலராடோ பொதுச் சுகாதாரப் பள்ளியிடம் மதிப்பீட்டை ஒப்படைத்தார்கள். முடிவெடுப்பவரே பணம் கொடுத்துக் கேட்டால் அறிக்கை அவர் கைக்குச் சேரும் என்று தோன்றும். அது எவ்வளவு உறுதி என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

படி 2: எதையெல்லாம் பார்ப்பது என்று வரையறுப்பது

புதியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்: ‘மாசு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பேட்டில்மென்ட் மேசா குழு காற்று, நீர் மற்றும் மண், லாரிப் போக்குவரத்து, சத்தமும் வெளிச்சமும், ஊர் ஒற்றுமை, வேலைவாய்ப்பு, மருத்துவ வசதி, விபத்துகள் என்று பிரித்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கிலி எழுதிப் பாருங்கள்: கிணற்றுத் தளம் → லாரி நடமாட்டம் → பள்ளிச் சாலையில் விபத்து → குழந்தைக்குக் காயம். சங்கிலியில் எந்த இணைப்புக்கு ஆதாரம் இல்லையோ அங்கே கேள்விக்குறி போடுங்கள். எங்கே அளக்கவேண்டும், எதை மக்களிடம் கேட்கவேண்டும் என்பது அப்போது தெரியும்.

படி 3: அளந்து கணக்கிடுவது

காற்றை மட்டும் விரிவாகச் சொல்கிறோம். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ‘இதற்குக் கீழே சுவாசித்தால் பாதிப்பு எதிர்பார்க்க வேண்டியதில்லை’ என்று ஓர் எல்லை அளவு உண்டு. அளந்த செறிவை அதால் வகுத்தால் அந்தப் பொருளின் அபாய விகிதம். எல்லா விகிதங்களையும் கூட்டினால் அபாயக் குறியீடு. அது 1ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நிலை.

ஓர் உதாரணக் கணக்கு. வருடக்கணக்கில் சுவாசிப்பதற்கு பென்சீனின் எல்லை ஒரு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம், சைலீனுக்கு 100. நீங்கள் அளந்தது முறையே 9, 20 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
9 / 30 = 0.3
20 / 100 = 0.2
0.3 + 0.2 = 0.5
```

இது 1க்குக் கீழே. ஆனால் இப்படிப் பல பொருள்கள் சேர்ந்தால் கூட்டல் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் தனியாக எல்லைக்குள் இருக்க, மொத்தம் எல்லை தாண்டியிருக்கும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே ‘பாதுகாப்பு’ என்று எழுதும் அறிக்கையில் முதலில் இந்தக் கூட்டலைத் தேடுங்கள்.

மதிப்பீட்டுக் குழுவினர் இந்தப் பகுதியின் காற்றுத் தரவை வைத்துச் செய்த கணக்கு 2012இல் ஆய்விதழில் வெளியானது. கிணற்றிலிருந்து அரை மைலுக்குள் வசிப்பவர்களுக்கு, கிணறு முடிக்கும் கட்டத்தில் குறுகிய காலக் குறியீடு 5. அரை மைலுக்கு அப்பால் 0.2. வாழ்நாள் புற்றுநோய் அபாயமோ அரை மைலுக்குள் பத்து லட்சத்தில் 10, அப்பால் 6 என்றுதான் வித்தியாசப்பட்டது.

இந்த எண்களைப் படிக்கத் தெரியவேண்டும். 5,000 பேருமே அரை மைலுக்குள் இருந்தாலும், பத்து லட்சத்தில் 10 என்றால் 0.05 நோயாளி. புற்றுநோய் என்று ஊரைக் கூட்டினால் நிறுவனத்தின் நிபுணர் இந்த 0.05ஐக் காட்டியே வாதத்தைக் கவிழ்த்துவிடுவார். உண்மையான சேதி 5 என்ற எண்ணில் இருக்கிறது: பாறையை உடைத்தபின் தண்ணீரும் வாயுவும் திரும்பப் பொங்கி வரும் குறுகிய காலத்தில், பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை வரலாம்.

படி 4: பரிந்துரை எழுதுவது

‘காற்று மாசைக் குறைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும்’ என்பது பரிந்துரை ஆகாது. மேலே உள்ள கணக்கிலிருந்து பரிந்துரை தானாக இறங்கிவரும்: பொங்கிவரும் வாயுவை வெளியே விடாமல் மூடிய அமைப்பில் பிடிக்கவேண்டும், குடியிருப்புக்கும் கிணற்றுத் தளத்துக்கும் இடைவெளி வேண்டும். ஒவ்வொன்றோடும் யார் செய்வது, எப்போது, எந்த அனுமதியின் எந்த நிபந்தனையில் சேர்ப்பது என்று எழுதுங்கள். முடிவெடுப்பவர் அப்படியே வெட்டி அனுமதிக் கடிதத்தில் ஒட்டும்படி வாக்கியம் இருக்கட்டும். பரிந்துரைகளை எழுபது எண்பது என்று அடுக்கினால் எதைச் செய்வது என்று அவருக்கே புரியாது. முதல் பக்கத்தில் ஐந்து போதும், மற்றவை இணைப்பில் இருக்கட்டும்.

படி 5: கையில் சேர்ப்பது

பேட்டில்மென்ட் மேசாவில் முதல் வரைவு 2010 செப்டம்பரில் வந்தது. கருத்துகள் குவிந்தன. அவற்றுக்குப் பதில் சொல்லி இரண்டாம் வரைவு 2011 பிப்ரவரியில் வந்தது. மறுபடியும் கருத்துகள். 2011 மே மாதம் ஆணையர்கள் இதற்குமேல் தொடரவேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். இறுதி அறிக்கை வரவே இல்லை. இத்தனைக்கும் நிறுவனம் அதுவரை அனுமதி விண்ணப்பமே கொடுத்திருக்கவில்லை. 2012இல் அது அந்தப் பகுதிச் சொத்துகளை வேறொரு நிறுவனத்துக்கு விற்றது.

எங்கள் பார்வையில் பிழை கணக்கில் இல்லை. முடிவெடுக்கும் தேதி இல்லாத அறிக்கைக்கு முடிவும் இல்லை. எத்தனை சுற்றுக் கருத்து, எந்தத் தேதியோடு கதவு சாத்தப்படும், இறுதி என்று யார் அறிவிப்பார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கவேண்டும். ஆணையர்கள் விலகினாலும் குழு தானே வெளியிடலாம் என்ற ஒரு வரியும் வேண்டும்.

இந்தியாவில் இந்த மதிப்பீட்டுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆகவே இருக்கிற வாசல் வழியாகத்தான் நுழையவேண்டும்: 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும். அந்த 30 நாளில் ஊர் முழுக்க அளந்து முடிப்பது நடக்காத காரியம். படி 2இன் சங்கிலிகளையும் இரண்டு மூன்று கணக்குகளையும் முன்பே தயாராக வைத்திருங்கள்.

கூட்டத்தில் மைக்கில் பேசுவது மட்டும் போதாது. சத்தத்தில் பாதி பதிவாகாது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தாகவும் கொடுங்கள். கூட்டத்தில் எழுந்த கவலைகளுக்கு நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாகவேண்டும்; அனுமதியைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு அதைப் பார்க்கும். அனுமதி கிடைத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது, நீங்கள் கொடுத்த மனுவில் வாரியம் ‘பெறப்பட்டது’ என்று தேதியோடு முத்திரை குத்திய நகல்.